விற்ற லாரி, வாங்கிய லாரி, நடுவில் ஒரு பாலிசி

"எங்கள் பாலிசியில் உள்ள பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றை விற்றுவிட்டோம். அதை நீக்கிவிடவும். புதிதாக வாங்கியுள்ள பதினான்கு சக்கர லாரியைச் சேர்த்துக்கொள்ளவும். டிரைவர் ஒருவர் நின்றுவிட்டார், வேறொருவர் வந்துள்ளார். ஆவன செய்யவும்."

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரி ஆபீஸ்களிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும் மெயில்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எழுதுகிறவருக்கு வேலை முடிந்தது. விற்றதைச் சொல்லியாயிற்று, வாங்கியதைச் சொல்லியாயிற்று. ஆனால் இந்த நான்கு வரிக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் சட்டம் வேறு, கணக்கு வேறு, ஆபத்தும் வேறு. அதிலும் பலரும் கவலைப்படுவது புது வண்டியைப் பற்றி. வம்பு வருவதோ பெரும்பாலும் விற்ற வண்டியிலிருந்து.

பத்துப் பன்னிரண்டு வண்டி வைத்திருப்பவர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தேதியில் பாலிசி புதுப்பித்துக்கொண்டிருந்தால் வருடம் முழுக்க அதே வேலையாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில், ஒரே முடிவுத் தேதிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார்கள். இதைத்தான் ஃப்ளீட் பாலிசி என்கிறார்கள். பார்க்க ஒரே பாலிசிபோல இருந்தாலும், உள்ளே ஒவ்வொரு வண்டிக்கும் தனி வரி உண்டு: பதிவு எண், என்ஜின் எண், சேஸிஸ் எண், எடை, வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி., கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர். ஒவ்வொரு வரியும் தனி ஒப்பந்தம் மாதிரி. வருடத்தின் நடுவில் ஒரு வரியைச் சேர்க்கவோ அடிக்கவோ திருத்தவோ கம்பெனி கொடுக்கும் தாளுக்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். நாம் அனுப்பும் மெயில் வெறும் வேண்டுகோள். எண்டார்ஸ்மென்ட் வந்தால்தான் பாலிசி மாறியது என்று அர்த்தம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாமக்கல்லில் பன்னிரண்டு லாரி வைத்திருக்கும் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளும் தொகையும் கற்பனை, விதிகள் நிஜம். பாலிசி ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. செப்டம்பர் 3 அன்று பழைய பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றுக்கு விலை பேசி, முழுப் பணமும் வாங்கி, சாவியைக் கொடுத்தாயிற்று. செப்டம்பர் 8 அன்று புதுப் பதினான்கு சக்கர சேஸிஸ் டெலிவரி. பழைய லாரியைச் செப்டம்பர் 10 முதல் நீக்கச் சொல்லி முதலாளி மெயில் போடுகிறார்.

அவர் மனதில் இருப்பது ரீஃபண்ட். அந்தப் பழைய லாரிக்கு வருடப் பிரீமியத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, சொந்தச் சேதத்துக்கானது. ஓன் டேமேஜ் என்றால்தான் லாரிக்காரர்களுக்குப் புரியும். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாததால் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் கழித்து அதற்கு 12,000 ரூபாய் கட்டியிருக்கிறார். இன்னொன்று, தேர்ட் பார்ட்டி. ரோட்டில் போகிறவருக்கு நம் வண்டியால் ஏதாவது ஆனால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கானது. இதன் தொகையை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அறிவிப்பின்படி 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையுள்ள சரக்கு லாரிக்கு 43,950 ரூபாய். இரண்டும் சேர்த்தால் 55,950. வரி தனி.

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 9 வரை 162 நாள் ஓடிவிட்டது. மீதி 203 நாள். நாள் கணக்குப்படி, அதாவது ப்ரொ ரேட்டாவாகத் திருப்பிக் கொடுத்தால் 31,117 ரூபாய் வரும். ஆனால் எல்லா ரத்தும் நாள் கணக்குப்படி நடப்பதில்லை. மோட்டார் இன்சூரன்ஸின் பழைய டாரிஃப் விதிகளில் குறுகிய கால விகிதம் என்று ஒரு பட்டியல் உண்டு. வண்டிக்காரர் தானாக ரத்து செய்தால், ஐந்து மாதத்தைத் தாண்டி ஆறாவது மாதத்துக்குள் இருக்கும்போது வருடப் பிரீமியத்தில் 70 சதவீதத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். எட்டு மாதத்தைத் தாண்டினால் ஒன்றும் திரும்பாது. அந்தப் பட்டியல்படி நம் முதலாளிக்குக் கிடைப்பது 16,785 ரூபாய்தான். ஏறக்குறைய பாதி. 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை, சில்லறை வாடிக்கையாளர் ஓராண்டுப் பாலிசியை ரத்து செய்தால், க்ளெய்ம் எதுவும் இல்லாத பட்சத்தில், மீதிக் காலத்துக்கு உரிய பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. பன்னிரண்டு லாரி வைத்திருக்கும் கம்பெனியைச் சில்லறை வாடிக்கையாளராகக் கொள்வார்களா என்பது தனிக் கேள்வி. ஆகவே ஃப்ளீட் பாலிசி எடுக்கும்போதே, ஏப்ரல் மாதத்திலேயே, நடுவில் நீக்கும் வண்டிக்கு எந்தக் கணக்கில் பணம் திரும்பும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. செப்டம்பரில் கேட்டால் பேரம் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது.

சரி, பதினாறாயிரமோ முப்பத்தோராயிரமோ, வருவதை வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 157-ஆவது பிரிவு ஒரு காரியம் செய்கிறது. வண்டியை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தால், அதன் இன்சூரன்ஸ் சான்றிதழும் பாலிசியும் அந்தத் தேதியிலிருந்தே வாங்கியவருக்கு மாறியதாகக் கருதப்படும். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, கம்பெனியின் சம்மதமும் வேண்டியதில்லை. வாங்கியவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வண்டி கை மாறும் நாளில் ரோட்டில் போகிறவர் பாதுகாப்பில்லாமல் நிற்கக் கூடாது என்பதற்காகச் சட்டம் செய்த ஏற்பாடு இது. ஆனால் இந்தத் தானியங்கி மாற்றம் தேர்ட் பார்ட்டிக்கு மட்டுமே. சொந்தச் சேதம் அப்படி மாறாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அதை மாற்ற வாங்கியவரின் விண்ணப்பம், விற்றவரின் சம்மதம், விற்பனைக்கான ஆதாரம் எல்லாம் வேண்டும். விற்றவருக்கு இருந்த போனஸ் வாங்கியவருக்குப் பொருந்தாது என்பதால், அந்த வித்தியாசத்தையும் மீதி நாட்களுக்கு அவர் கட்ட வேண்டும்.

இப்போது நம் முதலாளி செய்ததைப் பாருங்கள். செப்டம்பர் 3 அன்று லாரியோடு தேர்ட் பார்ட்டி பாதுகாப்பும் வாங்கியவரிடம் போய்விட்டது. செப்டம்பர் 10 அன்று அந்தப் பாதுகாப்பையே ரத்து செய்யச் சொல்லி இவர் எழுதுகிறார். வாங்கியவர் இன்னும் புது பாலிசி எடுக்கவில்லை. "இந்த மாசக் கடைசியில பேரு மாத்திக்கலாமுங்க, நீங்க ஏனுங்க கவலப்படறீங்க" என்று போனில் சொல்லியிருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் இவர் கம்பெனி பெயர்தான்.

செப்டம்பர் 12 அன்று அந்த லாரி ஓர் இரு சக்கர வாகனத்தை மோதினால் என்ன ஆகும்? குடும்பத்தார் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவார்கள். தீர்ப்பாயம் முதலில் பார்ப்பது ஆர்.சி.யை. சட்டத்தில் உரிமையாளர் என்றால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான். 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் அழுத்திச் சொன்னது. அந்த வண்டி விற்கப்பட்டுப் பல கை மாறியிருந்தது. பதிவில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லை. இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் உள்ளவர் மேலேயே விழுந்தது. விபத்தில் அடிபட்டவர், வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பது நீதிமன்றத்தின் நியாயம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

நம் முதலாளி அந்த ரத்துக் கடிதத்தை அனுப்பாமலே இருந்திருந்தால், செப்டம்பர் 12 அன்று அந்த லாரிக்குப் பாலிசி இருந்திருக்கும். இழப்பீட்டைக் கம்பெனி பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு ரீஃபண்டுக்காகத் தன் பெயரிலேயே இருக்கும் லாரியின் காப்பைத் தானே கழற்றிக்கொண்டதுதான் மிச்சம். அதனால்தான் பழைய டாரிஃப் விதியே, வேறெங்காவது குறைந்தபட்சம் தேர்ட் பார்ட்டி பாலிசியாவது இருக்கிறது என்று காட்டினால்தான் வண்டிக்காரர் ரத்து செய்யலாம் என்கிறது. ரேஷன் கார்டில் ஒரு வீட்டிலிருந்து பெயர் நீக்கி இன்னொரு வீட்டில் சேர்ப்பதுபோல, இடையில் எந்தக் கார்டிலும் இல்லாத நாள் என்று ஒன்று வந்துவிடக் கூடாது. கவனமான கம்பெனி இந்த ஆதாரத்தைக் கேட்கும். ஃப்ளீட் வாடிக்கையாளர், வேண்டியவர் என்று கேட்காமல் விடுகிற ஆபீஸரும் உண்டு. அவர் செய்வது உதவி இல்லை.

ஆக, நீக்கச் சொல்லும் கடிதத்துக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலைகள் ஆர்.டி.ஓ. பக்கத்தில் இருக்கின்றன. ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்க வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். அந்தப் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியை வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று புரோக்கரை நம்பிப் போகிறவர்கள் அதிகம். பரிவாகன் தளத்தில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகோ, வாங்கியவர் தன் பெயரில் எடுத்த பாலிசியின் நகல் கைக்கு வந்த பிறகோதான் நீக்கும் மெயில் போக வேண்டும். அதுவரை ஒவ்வொரு நாளும் ரீஃபண்டில் 153 ரூபாய் குறையும். குறைந்தால் குறையட்டும்.

அடுத்தது சேர்க்கும் வண்டி. இங்கே சட்டம் எளியது, கடுமையானது. 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64வி.பி. பிரிவு சொல்வது இதுதான்: பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி எந்தப் பொறுப்பையும் ஏற்கக் கூடாது. நீண்ட நாள் பழக்கம், பெரிய வாடிக்கையாளர் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. அதற்காகத்தான் ஃப்ளீட்காரர்கள் கம்பெனியிடம் முன்கூட்டியே ஒரு தொகை கட்டி வைத்திருப்பார்கள். சி.டி. கணக்கு, அதாவது கேஷ் டெபாசிட். நடுவில் வண்டி சேர்த்தால் அதிலிருந்து பிரீமியம் கழியும். வண்டி நீங்கினால் ரீஃபண்ட் அதில் வரவாகும்.

நம் முதலாளியின் சி.டி. கணக்கில் 42,000 ரூபாய் இருக்கிறது. புது லாரி 40 டன்னுக்கு மேல் என்பதால் வருடத் தேர்ட் பார்ட்டி 44,242. செப்டம்பர் 8 முதல் மார்ச் 31 வரை 205 நாள். அந்த நாட்களுக்கு மட்டும் 24,848 ரூபாய். 38 லட்சம் மதிப்புள்ள சேஸிஸுக்கு ஓன் டேமேஜ் வருடத்துக்கு 40,000 என்று கம்பெனி சொன்னால், 205 நாளுக்கு 22,466. மொத்தம் 47,314. கணக்கில் இருப்பதோ 42,000.

ஆபீஸ் மேனேஜர் என்ன நினைக்கிறார்? பழைய வண்டி ரீஃபண்ட் எப்படியும் முப்பதாயிரம் வரும், இரண்டையும் சேர்த்தால் தாராளம். அதனால், "மெயிலு அனுப்பியாச்சுங்க முதலாளி, சேர்த்திருவாங்க" என்கிறார். ஆனால் வரப்போகிற வரவு இன்றைய இருப்பு ஆகாது. பழைய வண்டியின் நீக்கம் இன்னும் முடியவில்லை. முடிந்தால்தான் வரவு. கம்பெனியின் கணினி இருப்பு போதவில்லை என்று நிறுத்தி வைக்கிறது. அந்த மெயில் ஒரு பெட்டியில் கிடக்கிறது.

புது வண்டி என்பதால் இங்கே ஒரு காவல் உண்டு. பாலிசி இல்லாமல் தற்காலிகப் பதிவு நடக்காது, ஷோரூமிலிருந்து சேஸிஸ் வெளியே வராது. அதிகபட்சம் நல்ல நேரம் தவறிப்போய் முதலாளி கோபப்படுவார். அல்லது ஷோரூம்காரரே தனக்கு வேண்டிய கம்பெனியில் ஒரு வருடப் பாலிசி போட்டுக் கொடுத்துவிடுவார். அடுத்த வாரம் ஃப்ளீட்டிலும் அதே வண்டி சேர்ந்து, ஒரே லாரிக்கு இரண்டு பாலிசி ஆகும். அதை அவிழ்ப்பது இன்னொரு கதை. நிஜமான ஆபத்து செகண்ட் ஹாண்ட் வண்டி வாங்கும்போது. சாவி வாங்கிய அன்றே லோடு ஏற்றிவிடலாம், தடுக்க ஆளில்லை. விற்றவரின் தேர்ட் பார்ட்டி கூடவே வரும் என்பது உண்மைதான். அது என்று முடிகிறது, அதற்குள் முடிந்தேவிட்டதா என்று பார்ப்பவர் குறைவு. சொந்தச் சேதத்துக்கோ நம் எண்டார்ஸ்மென்ட் வரும் வரை ஒன்றுமே இல்லை.

தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். காலையில் விபத்து, மாலையில் பாலிசி என்று ஒரே நாளில் இரண்டும் நடந்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. பாலிசியில் நேரம் எதுவும் எழுதாவிட்டால் அந்தத் தேதியின் தொடக்கத்திலிருந்தே அமல் என்று 1990-இல் ஒரு தீர்ப்பு வந்தது. நேரம் குறிப்பிட்டிருந்தால் அந்த நேரத்திலிருந்துதான் என்று 1990-களின் பிற்பகுதியில் வந்த தீர்ப்புகள் தெளிவாக்கின. இப்போது கணினியில் வரும் தாளில் நேரம் தவறாமல் இருக்கிறது. எனவே மதியம் மூன்று மணிக்கு எண்டார்ஸ்மென்ட் என்றால், காலை பத்து மணி ஓட்டம் நம் சொந்தப் பொறுப்பு.

அந்த 42,000-க்கே புது வண்டியை அடக்கியிருக்க முடியும் என்பதுதான் வேடிக்கை. நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, உரிமையாளரோடு இருக்கும். பழைய லாரியை விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டி போனஸைத் தன் பெயரில் நிறுத்தி வைக்கும் கடிதம் வாங்கிக்கொண்டால், மூன்று வருடத்துக்குள் அதே வகை வண்டிக்கு அதைப் பயன்படுத்தலாம். 50 சதவீதம் கழித்தால் 22,466 என்பது 11,233 ஆகும். தேர்ட் பார்ட்டியோடு சேர்த்து 36,081. வரி சேர்த்தாலும் இருப்புக்குள் அடங்கும். ரீஃபண்டுக்கு அலைகிற அலைச்சலில் பாதியை இந்தக் கடிதத்துக்கு அலையலாம். தனிக் கார் வைத்திருப்பவர்கள்கூட இதைக் கேட்டு வாங்குகிறார்கள். ஃப்ளீட் வைத்திருப்பவர்கள்தான், வண்டி நிறைய என்பதாலோ என்னவோ, விட்டுவிடுகிறார்கள்.

பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைக்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. வண்டி மாற்று எண்டார்ஸ்மென்ட், கம்பெனிக்காரர்கள் பாஷையில் ஐ.எம்.டி. 4. நீக்கம் ஒன்று, சேர்ப்பு ஒன்று என்று இரண்டு காரியம் செய்யாமல், ஒரே தாளில் வண்டியை மாற்றி, வித்தியாசப் பிரீமியத்தை மட்டும் நாள் கணக்கில் கட்டலாம். குறுகிய கால விகிதத்தின் வெட்டும் விழாது. ஒரே வகை வண்டியாக இருக்க வேண்டும். பழைய வண்டி விபத்தில் முழுசாக அழிந்து போயிருந்தால் தவிர, அதற்கு வேறு இன்சூரன்ஸ் தொடர்கிறது என்ற ஆதாரத்தை முதலில் கொடுக்க வேண்டும். சுற்றி வந்து அதே வாசலில்தான் நிற்கிறோம்: வாங்கியவரின் பாலிசி நகல் இல்லாமல் எந்த வழியும் திறக்காது. லாரியை விற்கும் ஒப்பந்தத்திலேயே, பாலிசி நகல் கொடுத்த பிறகே சாவி என்று எழுதுகிற முதலாளிக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

நாமக்கல்லுக்கே உரிய இன்னொரு சிக்கல் பாடி கட்டுவது. சேஸிஸ் வாங்கி, பட்டறையில் விட்டு, கேபினும் பின்பக்கப் பாடியும் கட்டி வெளியே எடுக்க வாரக் கணக்கில் ஆகும். செப்டம்பர் 8 அன்று சேர்ந்த வண்டிக்கு ஐ.டி.வி. 38 லட்சம். அது வெறும் சேஸிஸின் விலை. பாடிக்கு 5 லட்சம் செலவானால் வண்டியின் மதிப்பு 43 லட்சம். ஆனால் பாலிசிக்கு அது தெரியாது. பாடி முடிந்த அன்று பட்டறைப் பில்லை இணைத்து மதிப்பை உயர்த்தச் சொல்லி இன்னொரு எண்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும். அதோடு ஆர்.டி.ஓ.வில் நிரந்தர எண் கிடைத்ததும், என்ஜின், சேஸிஸ் எண்களை மட்டும் வைத்து எழுதிய வரியில் அந்தப் பதிவு எண்ணையும் ஏற்ற வேண்டும். ஆக ஒரு புது லாரிக்கு ஒரு சேர்ப்பு என்பது இங்கே குறைந்தது மூன்று தாள். இரண்டாவது தாளை மறந்தவருக்கு, வண்டி தீப்பிடித்தால்தான் நினைவு வரும்.

டிரைவர் விஷயம் இதிலிருந்து முற்றிலும் வேறு. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் சிலர், பாலிசியில் இன்னின்னார்தான் ஓட்டலாம் என்று பெயர் எழுதிப் பழகியிருப்பார்கள். இந்தியாவில் லாரி பாலிசியில் டிரைவர் பெயர் கிடையாது. யார் ஓட்டினாலும், விபத்து நடந்த நேரத்தில் அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், ஓட்டத் தடை செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது. டிரைவர் க்ளாஸ் என்று பாலிசியில் இருப்பது இவ்வளவுதான். அதனால், டிரைவர் ஒருவர் நின்றுவிட்டார், வேறொருவர் வந்துள்ளார் என்று கம்பெனிக்கு எழுதுவதில் தவறில்லை. பயனும் பெரிதாக இல்லை. பாலிசியில் மாறுவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது.

மாறுவது எண்ணிக்கை. சம்பளத்துக்கு வேலை செய்யும் டிரைவருக்கும் கிளீனருக்கும் அடிபட்டால் முதலாளிக்கு வரும் சட்டப் பொறுப்பை ஏற்க ஐ.எம்.டி. 28 என்ற சேர்க்கை உண்டு. ஒரு வண்டிக்கு எத்தனை பேர் என்று தலையெண்ணி எடுப்பது. தலைக்கு மிகச் சிறிய தொகைதான். ஏப்ரலில் ஒரு டிரைவர், ஒரு கிளீனர் என்று எடுத்துவிட்டு, தீபாவளிக்கு முன் வடக்கே லோடு கிடைத்தது என்று மாற்று டிரைவர் ஒருவரையும் ஏற்றி அனுப்பினால், அந்த மூன்றாவது ஆள் கணக்கில் இல்லை. இதைத்தான் எழுதித் தெரிவிக்க வேண்டும்: இந்த எண் லாரிக்கு, இன்ன தேதியிலிருந்து, இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். டிரைவர்களுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடும் எடுத்திருந்தால் அதிலும் தலைக்கணக்கைத் திருத்த வேண்டும். லாரி கம்பெனி பெயரிலோ கூட்டு நிறுவனத்தின் பெயரிலோ இருந்தால், சொந்தமாக ஓட்டும் உரிமையாளருக்கு உண்டான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு அந்த வண்டிக்குக் கிடையாது என்பதையும் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

பெயரைப் பற்றிய கவனம் எல்லாம் முதலாளியின் சொந்த நோட்டில் இருக்க வேண்டும். புது டிரைவர் சேரும் நாளில் லைசென்ஸ் அசலைப் பார்த்து, எந்த வகை, எது வரை செல்லும் என்று எழுதி, நகல் வைத்து, ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்த்தால் சட்டப்படி அவர் கடமை ஏறக்குறைய முடிந்தது. 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கிலும், 2013-இல் பெப்சு போக்குவரத்துக் கழக வழக்கிலும் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை அதுதான். லைசென்ஸ் போலி என்று பின்னால் தெரியவந்தாலும், நியாயமான கவனம் எடுத்த முதலாளியிடமிருந்து கம்பெனி பணத்தை மீட்க முடியாது. கவனம் எடுத்ததற்கு ஆதாரமே இல்லாவிட்டால், கம்பெனி இழப்பீட்டை முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் சொல்லும்.

போலி லைசென்ஸைவிட அடிக்கடி வருவது காலாவதி. லாரி ஓட்டும் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. முன்பு தேதி முடிந்தாலும் முப்பது நாள் செல்லும் என்று சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய டிரைவர்கள் பலர் இன்னும் அந்த முப்பது நாளை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கேஸ் டேங்கர் ஓட்டுகிறவருக்கு அபாயகரப் பொருளுக்கான தனிக் குறிப்பு லைசென்ஸில் இருக்க வேண்டும், அதன் காலம் மூன்று வருடம்தான். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சிறு சரக்கு வண்டிகளுக்கு மட்டும் நிம்மதியான செய்தி ஒன்று உண்டு: சாதாரண இலகு ரக லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்திருக்கிறது. அந்தத் தெம்பில் சிறு வண்டி டிரைவரை ஒரு நாளைக்கு மட்டும் என்று பெரிய லாரியில் ஏற்றிவிடக் கூடாது.

இவ்வளவையும் மனதில் வைத்து அந்தக் கடிதத்தை எழுதினால் அது ஒன்றாக இருக்காது, மூன்றாக இருக்கும். சேர்க்கும் கடிதத்தில் என்ஜின் எண், சேஸிஸ் எண், மொத்த எடை, விலைப் பில், ஃபைனான்ஸ் கம்பெனி பெயர், போனஸ் கடிதம், எந்தத் தேதி எந்த நேரத்திலிருந்து என்பது, அன்றைய சி.டி. இருப்பு ஆகியவை இருக்கும். நீக்கும் கடிதம் பிறகு போகும், வாங்கியவரின் பாலிசி நகலோடு. ஆள் எண்ணிக்கைக் கடிதம் தனியாக, வண்டி எண் வாரியாக. மூன்றுக்கும் பதிலாக வரும் எண்டார்ஸ்மென்ட் தாளைப் பிரித்துப் பார்க்கும்போது முதலில் சேஸிஸ் எண்ணின் பதினேழு எழுத்தையும் ஆர்.சி.யோடு விரல் வைத்து ஒப்பிட வேண்டும். எட்டும் பி-யும், சுழியும் ஓ-வும் தட்டச்சில் இடம் மாறுவது சகஜம். பிறகு தொடங்கும் நேரம், எடை, ஐ.டி.வி. கடைசியாகப் பரிவாகன் தளத்தில் அந்த வண்டி எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் முடியும் தேதி மார்ச் 31 என்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். செக்போஸ்டில் நிறுத்துகிற அதிகாரி பார்ப்பது அந்தத் திரையைத்தான்.